குளோரினா, காலியமா, நீரா, கனநீரா: காணாமல் போன நியூட்ரினோவைத் தேட எந்தத் தொட்டி?

1984-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்துக்குள் ரேமண்ட் டேவிஸ் சூரிய நியூட்ரினோக்களை, அதாவது சூரிய மையத்தில் அணுக்கருக்கள் இணையும்போது பிறந்து எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகள்களை, எண்ணத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. கணக்குப்படி வரவேண்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. டேவிஸின் வேதியியலில் ஓட்டை இருக்கிறதா என்று பலரும் தேடினார்கள், அகப்படவில்லை. சூரியனின் உட்புறக் கணக்கை ஜான் பாகால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், இடைவெளி அடைபடவில்லை. இந்த நிலையில் அடுத்த தொட்டிக்குப் பணமும் மலையடி இடமும் கேட்க வேண்டும் என்றால், அதில் எதை ஊற்றுவது?

அன்று கையில் இருந்த வழிகள் நான்கு. குளோரினையே இன்னும் பெரிதாகச் செய்யலாம். காலியத்துக்கு மாறலாம். சாதாரண நீரை நிரப்பி இருட்டில் வெளிச்சம் பார்க்கலாம். அல்லது கனநீரை எங்கிருந்தாவது கடன் வாங்கலாம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கனநீர்தான். அது அதிக நியூட்ரினோக்களைப் பிடிக்கும் என்பதற்காக அல்ல. ஒரே தொட்டியில் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்க இடம் கொடுத்தது அது ஒன்றுதான்.

குற்றம் சாட்ட இரண்டு பேர் இருந்தார்கள். முதல் ஆள் சூரியன். அதன் மையம் நாம் நினைத்ததைவிடச் சற்றே குளிர்ந்திருந்தால் நியூட்ரினோ குறைந்துவிடும். இரண்டாவது ஆள் நியூட்ரினோ. சூரியனில் பிறப்பது எலக்ட்ரான் வகை நியூட்ரினோ மட்டுமே. அது வழியில் மியூவான் வகையாகவோ டாவ் வகையாகவோ மாறிவிட்டால், எலக்ட்ரான் வகையை மட்டும் பிடிக்கும் கருவிக்கு அது இல்லாதது போலத்தான். இப்படி வகை மாறலாம் என்று புரூனோ பொன்டெகோர்வோவும் விளாதிமிர் கிரிபோவும், டாவ் வகை தெரியாத 1969-இலேயே சொன்னார்கள். ஆகவே தொட்டிகளை எடைபோட நான் வைக்கும் அளவுகோல் ஒன்றே: சூரியக் கணக்கை நம்பாமலே பதில் சொல்ல அதனால் முடியுமா?

எந்தத் தொட்டி எதைப் பார்க்கும் என்பது ஆற்றலைப் பொறுத்தது. பூமியில் நம் கட்டைவிரல் நகம் அளவு பரப்பை, ஒரு சதுர சென்டிமீட்டரை, ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன. இவற்றில் பெரும்பகுதி இரண்டு புரோட்டான்கள் இணையும்போது பிறப்பவை. அவற்றின் ஆற்றல் 0.42 மெகா எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாது. அடுத்து பெரிலியம்-7 தருபவை, 0.86-இல் நிற்பவை. கடைசியாக போரான்-8 தருபவை. இவை 15 வரை போகும், ஆனால் எண்ணிக்கையில் பத்தாயிரத்தில் ஒன்றுதான், விநாடிக்குச் சுமார் 50 லட்சம். இந்தப் போரான் நியூட்ரினோக்கள்தான் மையத்தின் வெப்பநிலைக்கு மிகவும் கூச்சப்படுபவை. வெப்பநிலை ஒரு சதவீதம் குறைந்தால் இவை இருபது சதவீதத்துக்கு மேல் குறையும். முதல் ஆளின் மேல் சந்தேகம் விழுந்ததற்குக் காரணமே இதுதான்.

தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட கருவி இவற்றைப் பார்த்திருக்குமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பார்க்காது. அது வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களுக்காக வரையப்பட்ட 50,000 டன் இரும்பு அடுக்கு. அந்த நியூட்ரினோக்கள் சூரிய நியூட்ரினோக்களைவிடப் பல நூறு மடங்கு ஆற்றல் கொண்டவை. சூரிய நியூட்ரினோ தட்டிவிடும் எலக்ட்ரான் முதல் இரும்புத் தகட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இனி குளோரின். டேவிஸின் தொட்டியில் இருந்தது 615 டன் பெர்குளோரோஎத்திலீன், அதாவது கம்பளி உடைகளை உலர்சலவை செய்யும் அதே திரவம். எலக்ட்ரான் வகை நியூட்ரினோ ஒன்று குளோரின்-37 அணுவில் பட்டால் அது ஆர்கான்-37 ஆகும். இந்த ஆர்கான் கதிரியக்கம் உள்ளது. அரை ஆயுள் 35 நாள். தொட்டி முழுவதிலும் இரண்டு நாளுக்கு ஓர் அணு என்ற கணக்கில்தான் இது நடந்தது. இரண்டு மாதம் விட்டுவைத்தால் உள்ளே பதினைந்து, இருபது ஆர்கான் அணுக்கள் சேர்ந்திருக்கும். அவற்றை வெளியே எடுக்க ஹீலியத்தைக் குமிழி குமிழியாகத் திரவத்துக்குள் செலுத்துவார்கள். ஆர்கான் அதனோடு சேர்ந்து மேலே வரும். திரவ நைட்ரஜனில் குளிர்ந்த கரி அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சுத்தம் செய்து சிதைவுகளை எண்ணும், விரல் நுனி அளவே உள்ள ஒரு வாயுக் கருவிக்குள் அடைத்து, ஒவ்வோர் அணுவும் சிதையும் வரை மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்.

இருபது அணுக்களுக்காக நாலு லட்சம் லிட்டர் திரவத்தைத் துழாவினால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அதனால் 500 ஆர்கான் அணுக்களை வேண்டுமென்றே தொட்டிக்குள் விட்டு, அவற்றைத் திரும்ப எடுத்தும் காட்டினார் டேவிஸ். நான் இந்தத் துறையில் படித்ததில் இதற்கு இணையான பொறுமை வேறு எங்கும் இல்லை.

ஆனாலும் குளோரினை இன்னும் பெரிதாகச் செய்வதால் பயன் இல்லை. அதன் வாசல் 0.81 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதற்குக் கீழே உள்ள புரோட்டான் நியூட்ரினோக்கள் அதற்குத் தெரியவே தெரியாது. அது எண்ணுவதில் முக்கால் பங்கும் போரான் நியூட்ரினோக்கள், சூரியக் கணக்கில் எது மிகவும் ஆட்டம் காணுமோ அதே. எப்போது வந்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் அதற்குத் தெரியாது. குளோரினைப் பத்து மடங்கு ஆக்கினால் அதே புதிர் இன்னும் துல்லியமாகக் கிடைக்கும்.

காலியத்தின் பலம் அதன் தாழ்ந்த வாசல்: 0.233 மெகா எலக்ட்ரான் வோல்ட். காலியம்-71 நியூட்ரினோவை விழுங்கி ஜெர்மேனியம்-71 ஆகும். அதை வேதியியல் முறையில் பிரித்து எண்ணுவார்கள். இங்கே புரோட்டான் நியூட்ரினோக்களும் அகப்படும். இவற்றின் எண்ணிக்கையைக் கணிக்கச் சூரிய மையத்தின் வெப்பநிலை நுணுக்கமாகத் தெரிய வேண்டியதில்லை. சூரியன் எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று தெரிந்தால் போதும். வெளிச்சம் தருவதும் இவற்றைப் பிறப்பிப்பதும் ஒரே வினைதான். விலைதான் பயமுறுத்தும். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் நடந்த காலெக்ஸ் சோதனைக்கு 30 டன் காலியம், காகசஸ் மலையின் பக்சானில் நடந்த சேஜ் சோதனைக்கு 50 டன்னுக்கு மேல்.

1990-களில் இவை தந்த விடை கூர்மையானது. சூரிய நியூட்ரினோ பிடிபடும் வீதத்தைச் சொல்ல இத்துறையில் தனி அலகு உண்டு; அதில் எதிர்பார்த்தது சுமார் 130 அலகு. வந்தது 70-க்குப் பக்கம். புரோட்டான் நியூட்ரினோக்கள் மட்டுமே 70 அலகு தரவேண்டும். அப்படியானால் பெரிலியத்துக்கு இடமே இல்லை! ஆனால் பெரிலியத்திலிருந்துதான் போரான் பிறக்கிறது. போரான் நியூட்ரினோக்களோ வந்துகொண்டிருக்கின்றன. மகன் இருக்கிறான், தந்தை இல்லை என்பது போன்ற நிலை. சூரியனைக் குளிரவைத்து இதைச் சரிசெய்ய முடியாது. அந்த வகையில் காலியம் சந்தேகத்தைச் சூரியனிடமிருந்து நியூட்ரினோவின் பக்கம் பலமாகத் தள்ளியது. ஆனால் தள்ளத்தான் முடிந்தது. எலக்ட்ரான் வகை குறைகிறது என்றது. மற்ற வகை எங்கே என்று கேட்டால் அதனிடமும் பதில் இல்லை.

மூன்றாவது, சாதாரண நீர். ஜப்பானின் காமியோகா சுரங்கத்தில் மசதோஷி கோஷிபாவின் குழு 3,000 டன் நீரை வைத்திருந்தது. அது முதலில் புரோட்டான் சிதைவைத் தேடக் கட்டியது. நியூட்ரினோ ஒன்று நீரில் உள்ள எலக்ட்ரானைத் தட்டிவிட்டால், அந்த எலக்ட்ரான் நீரில் ஒளி செல்லும் வேகத்தையும் மிஞ்சி ஓடி, கூம்பு வடிவில் மங்கிய நீல ஒளியை விடும். செரன்கோவ் ஒளி என்பது இதுதான். சுவர் முழுக்கப் பதித்த ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அதை வளையமாகப் பார்க்கும். இதன் பெரிய வரவு திசை. தட்டுப்பட்ட எலக்ட்ரான் நியூட்ரினோ வந்த வழியிலேயே முன்னோக்கி ஓடுவதால், இவை சூரியனிலிருந்துதான் வருகின்றன என்று நேராகக் காட்டியது நீர்தான். எண்ணிக்கை இங்கேயும் ஏறக்குறைய பாதி. 1996-இல் வந்த 50,000 டன் சூப்பர்-காமியோகாண்டே இதை மிகவும் துல்லியமாக்கியது.

நீருக்கு இரண்டு குறை. ஒன்று, சில மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே நீரில் கரைந்த ரேடானின் இரைச்சலில் எல்லாம் மறைந்துவிடும். ஆகவே போரான் நியூட்ரினோ மட்டும்தான். மற்றது இன்னும் நுட்பமானது. எலக்ட்ரானைத் தட்டும் வேலையை மூன்று வகை நியூட்ரினோவும் செய்யும், ஆனால் மியூவான், டாவ் வகைகளின் தட்டு எலக்ட்ரான் வகையினுடையதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே பலிக்கும். ஆகவே நீர் தரும் எண் ஒரு கலவை. அதை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு எந்த வகை என்று பிரிக்க முடியாது. ஆனால் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைத்தால் பிரிக்கலாம். இதை நினைவில் வையுங்கள்.

அந்த இன்னோர் எண்ணுக்கு வழி சொன்னவர் கலிஃபோர்னியாவின் ஹெர்பர்ட் சென். கனநீரில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் இருக்கும். அதன் கரு ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் லேசாக ஒட்டிக்கொண்ட ஜோடி. எலக்ட்ரான் வகை நியூட்ரினோ அதில் பட்டால் நியூட்ரானைப் புரோட்டானாக்கி ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளும். இந்த வினையை எலக்ட்ரான் வகையால் மட்டும்தான் செய்ய முடியும். ஆனால் எந்த வகை நியூட்ரினோவானாலும், 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் இருந்தால், அந்த ஜோடியை உடைத்து நியூட்ரானைத் தனியே விடும். இங்கே மூன்று வகைக்கும் ஒரே பலன். முதல் வினை எலக்ட்ரான் வகையை எண்ணும், இரண்டாவது வினை மொத்தத்தை எண்ணும். இரண்டும் சமமாக வந்தால் சூரியன்தான் குறைவாகத் தருகிறது. மொத்தம் அதிகமாக வந்தால் நியூட்ரினோ மாறியிருக்கிறது. சூரிய மையத்தின் வெப்பநிலை இந்த வாதத்துக்குள் எங்குமே வரவில்லை.

கல்பாக்கம் அணு உலைகளில் ஓடுவதும் இதே கனநீர்தான். கனடாவின் உலைகளும் இதை நம்பியவை என்பதால் அந்த நாட்டிடம் பெரும் இருப்பு இருந்தது. 30 கோடி கனடிய டாலர் மதிப்புள்ள 1,000 டன்னை அது கடனாகக் கொடுத்தது. சட்பரி ஊருக்குப் பக்கத்தில், கிரெய்ட்டன் நிக்கல் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், 12 மீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் கோளத்தில் அது நிரப்பப்பட்டது. சுற்றிலும் ஏறக்குறைய 9,500 ஒளிப்பெருக்கிக் குழாய்கள். சென் இதைப் பார்க்கவில்லை; 1987-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டார். தலைமை ஏற்று நடத்தியவர் ஆர்தர் மெக்டொனால்ட். 1999-இல் எண்ணிக்கை தொடங்கியது.

இந்த வழியின் ஆபத்து தூசி. யுரேனியமும் தோரியமும் எந்தப் பாறையிலும் சிறிதளவு உண்டு. தோரியத்தின் வழியில் வரும் தாலியம்-208 விடும் காமா கதிரின் ஆற்றல் 2.61 மெகா எலக்ட்ரான் வோல்ட். அது 2.2-ஐத் தாண்டுகிறது, ஆகவே அதுவும் டியூட்டீரியத்தை உடைக்கும். அப்படி வரும் நியூட்ரானையும் நியூட்ரினோ தந்த நியூட்ரானையும் பார்த்துப் பிரிக்க வழியே இல்லை. அதனால் சுரங்கத்துக்குள் இறங்கிய ஒவ்வொருவரும் குளித்து, உடை மாற்றித்தான் ஆய்வகத்துக்குள் நுழைந்தார்கள். கனநீரின் மாதிரியை அவ்வப்போது எடுத்து ரேடியத்தையும் ரேடானையும் தனியே அளந்து, பின்னணி நியூட்ரான்கள் எத்தனை என்று முன்கூட்டியே கணக்கு வைத்தார்கள்.

பிரிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். விடுபட்ட நியூட்ரான் அலைந்து திரிந்து இன்னொரு டியூட்டீரியத்தில் ஒட்டும்போது 6.25 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் வரும். அதுவும் கடைசியில் ஒரு செரன்கோவ் ஒளியாகத்தான் தெரியும். ஒரு தனி ஒளியைக் காட்டி இது எந்த வினை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் சேர்த்து, ஆற்றல், கோளத்தில் எந்த இடம், சூரியனுக்கு எந்தத் திசை என்று மூன்றையும் வைத்துப் பங்கு பிரித்தார்கள். 2002-இல் வெளியான கட்டுரையில், 306 நாள் எண்ணிக்கையில் எலக்ட்ரான் வகை வினைக்குச் சுமார் 1,968, சாதாரண நீரைப் போலவே இங்கும் நடக்கும், எலக்ட்ரானைத் தட்டிவிடும் வினைக்கு 264, உடைக்கும் வினைக்கு 577 என்று பங்கு விழுந்தது. பின்னணி நியூட்ரான்கள் 78 தனியே. அடுத்த கட்டத்தில் இரண்டு டன் சாதாரண உப்பைக் கரைத்தார்கள். உப்பில் உள்ள குளோரின் நியூட்ரானை நன்றாகப் பிடித்துப் பல காமா கதிர்களாக விடும். ஒளி கோளம் முழுக்கப் பரவுவதால் பிரிப்பதும் எளிதாயிற்று.

இப்போது கணக்குக்கு வரலாம். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, விநாடிக்கு, போரான் நியூட்ரினோக்கள் எத்தனை என்று மூன்று வினைகளும் தனித்தனியே சொல்கின்றன. எலக்ட்ரான் வகை வினை: 17.6 லட்சம். தட்டிவிடும் வினை: 23.9 லட்சம், இது எல்லாம் எலக்ட்ரான் வகை என்று வைத்துக்கொண்டு போட்ட எண். உடைக்கும் வினை: 50.9 லட்சம். ஒரே சூரியன், ஒரே தொட்டி, மூன்று எண்கள். மூன்றும் சமமாக இருந்திருக்க வேண்டும்.

மொத்தத்திலிருந்து எலக்ட்ரான் வகையைக் கழித்தால் 33.3 லட்சம் வேறு வகையாக மாறியிருக்கின்றன. நடு எண்ணைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். 23.9-இல் 17.6 போக மீதி 6.3 லட்சம். அது மற்ற வகைகளின் ஆறில் ஒரு பங்குத் தட்டால் வந்தது என்றால், மற்ற வகை சுமார் 40 லட்சம். தட்டிவிடும் வினையின் எண்ணில் இரண்டரை லட்சம் பிழை வரம்பு உண்டு. ஆறால் பெருக்கினால் அது 15 லட்சமாகிறது. 33-உம் 40-உம் அதற்குள் அடங்குகின்றன. உண்மையில் 2001 ஜூனில் வந்த முதல் முடிவு நீரின் துணையோடுதான் வந்தது: சட்பரியின் எலக்ட்ரான் வகை எண்ணைச் சூப்பர்-காமியோகாண்டேயின் துல்லியமான 23.2 லட்சத்தோடு வைத்துக் கழித்தார்கள். நீரை நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். பாகால் கணக்கு மொத்தமாக எதிர்பார்த்தது சுமார் 50.5 லட்சம். முப்பது ஆண்டுகள் சந்தேகத்தில் நின்ற சூரியக் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

கனநீரின் எல்லையையும் சொல்லாவிட்டால் ஒப்பீடு நேர்மையாகாது. நியூட்ரினோ வகை மாறியது என்று அது நிரூபித்தது. எப்படி மாறியது என்று அது மட்டும் நிரூபிக்கவில்லை. அதற்குக் காமியோகாண்டே இருந்த அதே குழியில் அமைந்த காம்லேண்ட் என்ற கருவி தேவைப்பட்டது. ஜப்பானின் அணு உலைகளிலிருந்து சராசரி 180 கிலோமீட்டர் பயணம் செய்து வரும் எதிர்நியூட்ரினோக்கள் குறைகின்றன என்று அது 2002 டிசம்பரில் காட்டியது. பிறகு, ஆற்றலுக்கு ஏற்ப அவை குறைந்தும் கூடியும் அலைவதையும் காட்டியது. சூரியனே இல்லாமல் அதே மாற்றம்.

அலைவு என்பது இதுதான். எலக்ட்ரான் வகை நியூட்ரினோ என்பது ஒற்றை நிறை கொண்ட துகள் அல்ல. வெவ்வேறு நிறை கொண்ட நிலைகளின் கலவை. அந்த நிலைகள் ஓடும்போது ஒன்றுக்கொன்று தாளம் தவறும். தவறியதும் கலவை வேறு வகையாகத் தெரியும். எல்லா நிறையும் பூஜ்யம் என்றால் தாளம் தவறவே முடியாது. ஆகவே நியூட்ரினோவுக்கு நிறை உண்டு. எவ்வளவு என்று அலைவு சொல்லாது. நிறைகளின் இருமடிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டுமே சொல்லும்.

சூரியனில் இன்னொரு திருப்பம் உண்டு. பலரும் விட்டுவிடும் இடம் இது. மையத்தின் அடர்த்தி நீரைப்போல் 150 மடங்கு. அங்கே நெருங்கிக் கிடக்கும் எலக்ட்ரான்கள் எலக்ட்ரான் வகை நியூட்ரினோவைத் தனியாகப் பாதிக்கின்றன. வுல்ஃபென்ஸ்டைன், மிகையேவ், ஸ்மிர்னோவ் மூவரும் கண்ட விளைவு இது. அதனால் ஆற்றல் மிக்க போரான் நியூட்ரினோ ஏறக்குறைய முழுவதும் ஒரே நிறை நிலையாகப் பிறந்து, அப்படியே வெளியே வருகிறது. அந்த நிலையில் எலக்ட்ரான் வகையின் பங்கு மூன்றில் ஒன்றுக்குப் பக்கம். அது வழியெல்லாம் ஆடிக்கொண்டு வருவதில்லை. சூரியனை விட்டுக் கிளம்பும்போதே மாறிவிட்டது. ஆற்றல் குறைந்த நியூட்ரினோக்களை அந்த அடர்த்தி அவ்வளவாகத் தொடுவதில்லை. அவை சாதாரணமாக அலைந்து, சராசரியில் 55 சதவீதம் எலக்ட்ரான் வகையாக வந்து சேர்கின்றன.

இந்த இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு பழைய தொட்டிகளுக்குத் திரும்பிப் போகலாம். காலியத்தில் எதிர்பார்த்த 130 அலகில் போரானின் பங்கு 12 மட்டுமே. மீதி 118-உம் தாழ்ந்த ஆற்றல். அந்த 118-இல் 55 சதவீதம் 65. 12-இல் மூன்றில் ஒன்று 4. கூட்டினால் 69. பக்சானும் கிரான் சாசோவும் எண்ணியது 70-க்குப் பக்கம். பெரிலியம் காணாமல் போகவில்லை; எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தன. குளோரினில் எதிர்பார்த்தது சுமார் 7.7 அலகு, அதில் போரானின் பங்கு 5.9. அதன் மூன்றில் ஒன்றும் மீதி 1.8-இல் 55 சதவீதமும் சேர்ந்தால் 3-க்குச் சற்றுக் கீழே. டேவிஸ் கால் நூற்றாண்டு ஆர்கானை வடித்து வடித்துச் சொன்ன எண் 2.56.